நாக்கு ஒட்டியிருக்குன்னு சொன்னதும் நாம் செய்கிற தவறுகள்

பிறந்து மூன்றாவது நாள். யாரோ டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சு, வெட்டலாமா வேண்டாமா என்பதுதான். தாய்ப்பால் ஆலோசகராக நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்: வாயைப் பார்த்து முடிவெடுப்பது. நாக்குக்கு அடியில் ஒரு சவ்வு எல்லாருக்கும் உண்டு. அது குட்டையாகவோ நாக்கு நுனி வரை நீண்டோ இருந்தால்தான் நாக்கு ஒட்டு என்கிறோம். அப்படி இருந்தும் ஒரு சிரமமும் இல்லாமல் பால் குடித்து எடை ஏறுகிற குழந்தைகள் நிறைய. அவர்களுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. பார்க்க வேண்டியது குழந்தை பால் குடிப்பதை, அதுவும் முதலிலிருந்து கடைசி வரை.

ஒன்பது நாள் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். பிறந்தபோது 3,100 கிராம், அன்று 2,860. முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்புதான், ஆனால் ஒன்பதாவது நாளில் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் சிறுநீர் போகிறது. குறைந்தது ஆறு தடவையாவது போக வேண்டிய வயது. குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம், அதாவது நாக்கு பிடி நழுவி நழுவி விடுகிறது. ஐம்பது நிமிடம் மார்பிலேயே இருந்தும் விழுங்கும் சத்தம் அபூர்வமாகத்தான் கேட்டது. வாயை எடுத்ததும் காம்பைப் பார்த்தேன், புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி சாய்வாக நசுங்கி, ஓரத்தில் வெடிப்பு. அழும்போது நாக்கு ஈறைத் தாண்டி வெளியே வரவே இல்லை, நுனி நடுவில் குழிந்து இதய வடிவில் இருந்தது.

இவ்வளவு அறிகுறி இருந்தும் அன்றே வெட்டச் சொல்லவில்லை. ஏனென்றால் வலியும் சத்தமும் குழந்தையைப் பிடிக்கும் முறை தப்பானாலும் வரும், அது வெட்டாமலே சரியாகிவிடும். குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டி, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, காம்பை மட்டும் இல்லாமல் கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வைத்தோம். கூடவே பாலைப் பீய்ச்சி பாலாடையில் கொடுத்தோம், முடிவெடுக்கும்வரை குழந்தை பட்டினி கிடக்கக் கூடாதே. இரண்டு நாளில் அம்மாவுக்கு வலி கொஞ்சம் குறைந்தது. எடை மட்டும் மொத்தமாக 15 கிராம்தான் ஏறியது; ஒரு நாளைக்கே 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். அப்போதுதான் டாக்டரிடம் அனுப்பினோம். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத பிரச்சினை உண்டா என்று கேட்டுக்கொண்டு, கத்திரியால் அந்த மெல்லிய சவ்வை நறுக்கிவிட்டார். சில நொடி வேலை. ஓரிரு சொட்டு ரத்தம், உடனே மார்பில் போட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் 3,110 கிராம்.

ஆனால் வெட்டினால் எல்லாமே சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. ஆய்வுகளில் ஓரளவு உறுதியாகத் தெரிவது அம்மாவின் காம்பு வலி குறைவது மட்டுமே, அதுவும் உடனடியாகத் தெரிகிற அளவுக்கு. பால் சுரப்பே குறைவாக இருந்தாலோ குழந்தை குறைமாதமாகப் பிறந்திருந்தாலோ நாக்கை வெட்டி ஒன்றும் ஆகாது. மேலுதட்டுச் சவ்வையும் கன்னத்துச் சவ்வையும் சேர்த்து லேசரில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நில்லுங்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். பால் குடிப்பதற்காக அதை எடுக்க நல்ல ஆதாரம் இல்லை.

அப்புறம் பேச்சு. "இப்பவே வெட்டலைன்னா பிள்ளை பேசாது" என்று பாட்டிமார் பயப்படுவது புரிகிறது, ஆனால் பேச்சு தாமதமாக வருவதற்கு நாக்கு ஒட்டு காரணம் இல்லை. இரண்டு வயதாகியும் பேசவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்றுதான் சோதிக்க வேண்டும். நாக்கில் வசம்பு, தேன் தடவுவது இன்னும் ஆபத்து. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. நாக்கு ஒட்டு தொடக்கூடியது சில எழுத்துகளின் உச்சரிப்பைத்தான்: ல, ர, ற போல நாக்கு நுனி மேலே எழும்ப வேண்டியவை. ர-வும் ழ-வும் எந்தக் குழந்தைக்கும் தாமதமாகத்தான் வரும், மூன்று வயதில் "லயில்" என்று சொன்னால் அதை வைத்து வெட்டக் கிளம்பாதீர்கள். நான்கு வயதுக்குப் பிறகும் சொல்வது மற்றவர்களுக்குப் புரியவில்லை, நாக்கை உயர்த்தவும் முடியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி, அவர் சொல்வதைப் பொறுத்து முடிவெடுக்கலாம்.

வெட்டிய பிறகு நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். சீழ் என்று பதறி அதைத் துடைக்காதீர்கள், ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். விரலால் அழுத்தித் தேய்க்கிற மசாஜும் வேண்டாம், குழந்தை வாயைத் திறக்கவே பயப்படும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.