காகிதப் பட்டைகளை வைத்துப் பின்னம்: முதல் வகுப்பைத் திட்டமிடுவது எப்படி?

பின்னத்தின் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்: ஒரு முழுவைச் சமமாகப் பிரித்தால்தான் அதன் ஒரு பாகத்தை அரை என்றோ கால் என்றோ சொல்ல முடியும். வேகமாகப் புரிந்துகொள்பவர்களும் நேரம் எடுத்துக்கொள்பவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு, 40 நிமிடத்துக்கான திட்டம் இது.

படி 1: பொருளைத் தயார் செய்யுங்கள்

24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் காகிதப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு, கெட்டுப்போனால் மாற்றக் கொஞ்சம் கூடுதலாக. 24 என்ற எண் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அதனால் மடித்ததை அளவுகோல் வைத்துச் சரிபார்க்கும்போது முழு எண்களே வரும். எல்லாப் பட்டைகளும் ஒரே நீளமாக இருக்கட்டும். முழு மாறினால் ஒப்பிடுவதே தவறாகிவிடும்.

பலர் வட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். எனக்குப் பட்டைதான் பிடிக்கும். வட்டத்தைச் சமமாகப் பிரிப்பது சின்னக் கைகளுக்குக் கடினம். பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் எது பெரிது என்று கண்ணாலேயே தெரியும்.

படி 2: தவறான அரையிலிருந்து தொடங்குங்கள் (5 நிமிடம்)

ஒரு பட்டையை வேண்டுமென்றே 16 செ.மீ., 8 செ.மீ. என்று இரண்டாகக் கிழித்து, "இரண்டு துண்டாக்கிவிட்டேன். இது அரைதானே?" என்று கேளுங்கள். சிலர் ஆமாம் என்பார்கள். உடனே திருத்த வேண்டாம். துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே மறுப்பார்கள்.

படி 3: மடிக்கவிடுங்கள் (15 நிமிடம்)

ஒரு பட்டையை மடிக்காமல் மேசையில் 'முழு' என்று வைக்கட்டும். இரண்டாவதை ஒருமுறை பாதியாக மடித்துப் பிரித்தால் அரை. மூன்றாவதை அதேபோல் மடித்து, பிரிக்காமல் இன்னொரு முறை பாதியாக்கினால் கால். நான்காவதை மூன்று முறை மடிக்க வேண்டும். இங்கே நிறுத்தி, "பிரித்தால் எத்தனை பாகம் இருக்கும்?" என்று கேட்டு, விடையை எழுதிவைத்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு, நான்கு என்று வந்ததால் அடுத்தது ஆறு என்று நிறையப் பேர் எழுதுவார்கள். பிரித்தால் எட்டு. ஒவ்வொரு மடிப்பும் இருந்த எல்லாப் பாகங்களையும் பாதியாக்குகிறது என்பதை மடிப்புக் கோடுகளைத் தொட்டுக் காட்டி அவர்களையே சொல்லவிடுங்கள்.

படி 4: ஒரே வேலை, வெவ்வேறு ஆழம் (12 நிமிடம்)

மூன்று தனித்தனிப் பயிற்சித்தாள் தயாரிக்க வேண்டாம். எல்லார் கையிலும் அதே பட்டைகள் இருக்கட்டும், கேள்வி மட்டும் மாறட்டும்.

தடுமாறுபவர்களுக்கு மடிப்புக் கோட்டை முன்கூட்டியே போட்டுக் கொடுங்கள். கால் பாகங்களை வெட்டி எடுத்து, முழுப் பட்டையின் மேல் வரிசையாக வைத்து, எத்தனை வைத்தால் முழு மூடுகிறது என்று எண்ணட்டும். நடுநிலையில் இருப்பவர்கள் அரை, கால், எட்டில் ஒன்று மூன்றையும் அடுக்கி, பாகங்களின் எண்ணிக்கை கூடும்போது ஒரு பாகம் ஏன் சிறுக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கட்டும்.

முந்திப் போகிறவர்களுக்குப் பெரிய எண்களைத் தருவதால் பயனில்லை. தலைகீழ்க் கேள்வி கொடுங்கள். 6 செ.மீ. துண்டு ஒன்றை நீட்டி, "இது கால் என்றால் முழு எவ்வளவு நீளம்? இதுவே அரை என்றால்?" விடை 24 செ.மீ., 12 செ.மீ. ஒரே துண்டு ஒரு முழுவுக்குக் காலாகவும் இன்னொன்றுக்கு அரையாகவும் இருப்பதைப் பார்த்ததும், "அப்போ முழு எதுன்னு சொல்லாம கால்னு சொல்ல முடியாதா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திரும்பச் சொல்ல வையுங்கள்.

படி 5: குறியீடு கடைசியில் (3 நிமிடம்)

கால் பாகத்தின் மேலேயே 1/4 என்று எழுதச் சொல்லுங்கள். கீழே இருப்பது எத்தனை சம பாகம், மேலே இருப்பது எத்தனை எடுத்தோம். தொகுதி, பகுதி என்ற பெயர்கள் அடுத்த வகுப்புக்கு இருக்கட்டும். 4-ஐ விட 8 பெரிது, ஆகவே 1/8 பெரிது என்று யாராவது சொன்னால் பட்டைகளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். விதியாகச் சொல்லித் தராதீர்கள்.

படி 6: புரிந்ததா என்று பாருங்கள் (5 நிமிடம்)

ஒரு பட்டையை 12, 6, 6 செ.மீ. என்று மூன்றாகக் கோடு போட்டு, ஒரு 6 செ.மீ. பாகத்துக்கு வண்ணம் பூசிக் காட்டுங்கள். வண்ணப் பகுதி எவ்வளவு? 1/3 என்று எழுதுபவர் துண்டுகளை எண்ணுகிறார், சமத்தைப் பார்க்கவில்லை. 1/4 என்று எழுதுபவரிடமும் "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்தத் துண்டை நகர்த்தி நகர்த்தி வைத்தால் நான்கு முறை போகிறது என்று காட்டினால் புரிந்திருக்கிறது. 1/3 எழுதியவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் அவர்களுக்கு மறுபடி கிழிந்த பட்டை, மற்றவர்களுக்கு மூன்றாக மடிக்கும் வேலை.