பண்டில் பிளாக்: ‘எம்’ எழுத்தைத் தேடாமல் கியூஆர்எஸின் வாலைப் பாருங்கள்

குலசேகரம் பக்கத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், வயது 60, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். ஈசிஜியில் வி6-ல் கியூஆர்எஸ் அகலமாக, உச்சி பிளந்து ‘எம்’ போல நிற்கிறது. பயிற்சிக்கு வந்த பெண் கேட்கிறாள்: “சிஸ்டர், எம் இருக்கே, ரைட் பண்டில்தானே?”

இல்லை. இது லெஃப்ட் பண்டில் பிளாக். ‘எம்’ இரண்டிலுமே வரும். அது எந்த லீடில் வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அகலத்தை அளக்க வேண்டும். காகிதம் விநாடிக்கு 25 மி.மீ. ஓடும்போது ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். மூன்று கட்டம், அதாவது 120, வந்தால்தான் முழு பிளாக். கியூஆர்எஸ் எந்த லீடில் அகலமாகத் தெளிகிறதோ அங்கே அளங்கள். இவருக்கு நான்கு கட்டம்.

அடுத்து வி1-ஐப் பிடித்து, கியூஆர்எஸின் கடைசிப் பகுதி மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பாருங்கள். வலது கிளை அடைபட்டால் வலது வென்ட்ரிக்கிள் கடைசியில்தான் தூண்டப்படும். வி1 அதன் எதிரிலேயே இருப்பதால் அங்கே கடைசி அலை மேல்நோக்கி எழும். வி6-லும் லீட் ஒன்றிலும் அகலமான எஸ் இழுபடும். இடது கிளை அடைபட்டால் கடைசி ஓட்டம் இடப்பக்கம் போவதால் வி1-ல் ஆழமான, அகலமான எஸ் விழும். இவருக்கு வி1-ல் நூல் போல ஒரு சின்ன ஆர், பிறகு அகலமான பள்ளம். வி6-ல் வழக்கமாக வரும் குட்டி கியூவும் இல்லை. செப்டம் வலமிருந்து இடமாகத் தூண்டப்படுவதால் அது மறைந்துவிடுகிறது. இனி சந்தேகமில்லை.

இதே ஈசிஜியில் இன்னொரு தவறும் காத்திருக்கிறது. லெஃப்ட் பண்டிலில் வி1 முதல் வி3 வரை ஆர் மெலிந்தோ இல்லாமலோ போகும், எஸ்டி கொஞ்சம் உயர்ந்தும் நிற்கும். அதை மட்டும் வைத்துப் பழைய மாரடைப்பு என்று எழுதக் கூடாது. அதற்காக நெஞ்சுவலியோடு வந்தவரை ‘பிளாக்தான்’ என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ட்ரோபோனின் பார்க்க வேண்டும், பழைய ஈசிஜி இருந்தால் ஒப்பிட வேண்டும், ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது பொய்யான ரைட் பண்டில். அவசரத்தில் வி1, வி2 எலக்ட்ரோடுகளை இரண்டாவது விலா இடைவெளியில் ஒட்டிவிடுகிறோம். அப்போது வி1-ல் ஒரு சின்ன இரண்டாவது ஆர் முளைக்கும். இரண்டு விஷயம் அதைக் காட்டிக்கொடுக்கும்: கியூஆர்எஸ் மூன்று கட்டத்தை எட்டாது, வி1-ல் பி அலை முழுக்கத் தலைகீழாக இருக்கும். கழுத்துக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அங்கே சேர்வது இரண்டாவது விலா. அதன் கீழ் இடைவெளி இரண்டாவது. இன்னும் இரண்டு இடைவெளி இறங்கி, மார்பெலும்பின் இரு ஓரங்களிலும் ஒட்டி மறுபடி எடுங்கள். அந்த ‘எம்’ பெரும்பாலும் மறைந்துவிடும்.