சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வு: மதிய இடைவேளையில் நடக்கும் தவறுகள்

யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடக்கின்றன. பொது அறிவுத் தாள் காலை 9.30 முதல் 11.30 வரை, சிசாட் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை. நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறதே, நிதானமாகச் சாப்பிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறு அந்தக் கணக்குதான்.

11.30-க்கு மணி அடித்தாலும் விடைத்தாள்களை வாங்கி எண்ணி முடித்த பிறகுதான் அறையை விட்டு விடுவார்கள். வாசலுக்கு வரும்போது 11.45 ஆகிவிடும். அதுபோல மறுபக்கத்திலும் 2.30 என்பது தேர்வு தொடங்கும் நேரம்தான். அதற்கு அரை மணி நேரம் முன்பே, 2 மணிக்கு, நுழைவாயிலை மூடிவிடுவார்கள் என்று அண்மை ஆண்டுகளின் அனுமதிச் சீட்டுகள் சொல்கின்றன. உங்கள் சீட்டில் அச்சாகியிருக்கும் நேரம்தான் கணக்கு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, கையில் இருப்பது இரண்டேகால் மணி நேரம். இதில் சோதனை வரிசையில் நிற்கும் நேரமும் போகும்.

சிசாட் தகுதித் தாள்தானே, 33 சதவீதம் போதுமே என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். ஆனால் இரண்டு தாளும் எழுதினால்தான் முதல் தாளையே மதிப்பிடுவார்கள். மதியம் வாசல் மூடிய பிறகு வந்து நின்றால், காலையில் நன்றாக எழுதியதும் சேர்ந்தே போய்விடும்.

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செல்போனை அணைத்து வைத்திருந்தாலும் வளாகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால், அதைத் தங்கியிருக்கும் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். 11.45-க்கு வெளியே வருகிறார். பக்கத்துக் கடைகள் ஞாயிறு என்பதால் பாதி மூடியிருக்கின்றன. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டல் இருக்கிறது என்கிறார்கள். நடந்து போனால் 12.10. அதே மையத்தில் எழுதிய கூட்டமெல்லாம் அங்கேதான் நிற்கிறது. இடம் கிடைத்துச் சாப்பாடு வர 12.50, சாப்பிட்டு எழ 1.15. பில்லைக் கொடுக்கும்போதுதான் உறைக்கிறது, போன் இல்லாமல் ஜிபே இல்லை. பர்சில் ஐம்பது ரூபாய்தான் இருக்கிறது. யாரிடமோ கேட்டுச் சமாளித்து வெளியே வந்தால், ஆப்பில் ஆட்டோவும் போட முடியாது. வெயிலில் நடந்து வரிசையில் வந்து சேரும்போது 1.45. மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார், அன்றைக்கு அவருக்கு நல்ல நேரம். வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் முந்நூறு ரூபாயாவது சில்லறை நோட்டுகளாகச் சட்டைப் பையில் இருக்கட்டும். நேரம் பார்க்கச் சாதாரண முள் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் வாட்ச், டிஜிட்டல் வாட்ச் எதையும் உள்ளே விட மாட்டார்கள். போனை எதிர்க்கடையில் கொடுத்து வைத்தால், மதியம் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவாரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

கட்டுச்சோறுதான் நல்ல வழி. ஆனால் டிபன் பாக்ஸை எங்கே வைப்பது என்று பலர் யோசிப்பதில்லை. பை கொண்டுவர வேண்டாம், பாதுகாத்து வைக்க உத்தரவாதம் இல்லை என்றுதான் யுபிஎஸ்சி சொல்கிறது. உடன் வருபவரிடம் கொடுத்துவிடுவதே நிம்மதி. இரண்டு தாளுக்கும் நடுவே வளாகத்துக்குள் உட்கார விடுவார்களா என்பதும் அந்தப் பள்ளியைப் பொறுத்தது. எல்லாரையும் வெளியேற்றி கேட்டைப் பூட்டும் இடங்களும் உண்டு. முந்தின நாளே மையத்தைப் பார்க்கப் போகும்போது பக்கத்தில் மர நிழலோ கோயில் மண்டபமோ இருக்கிறதா என்று கவனித்துவிடுங்கள்.

மே, ஜூன் வெயிலில் காலை ஆறு மணிக்குக் கட்டிய தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துப் போகலாம். புளிசாதமும் எலுமிச்சைசாதமும் தாங்கும். பிரியாணியைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிசாட்டில் 120 நிமிடத்தில் 80 கேள்விகள், அதில் நீண்ட பத்திகளைப் படிக்க வேண்டும். வயிறு நிரம்பினால் அங்கேதான் கண் சொக்கும். சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் விரல் ஓஎம்ஆர் தாளில் பட்டால் கறை மிஞ்சும்.

இன்னொன்று, வெளியே போகும்போது அனுமதிச் சீட்டையும் அடையாள அட்டையையும் மேசையிலோ அப்பாவின் பைக்குள்ளோ விட்டுவிடாதீர்கள். இரண்டையும் மதியமும் காட்டித்தான் உள்ளே போக முடியும்.

மாற்றுத்திறனாளி என்ற முறையில் கூடுதல் நேரம் பெறுபவர்களுக்கு இடைவேளை இன்னும் குறைவு. மணிக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டால் காலைத் தாள் 12.10-க்குத்தான் முடியும். வெளியே வர 12.25, வாசல் மூடுவது அதே 2 மணி. அவர்கள் ஓட்டலைத் தேடிப் போகவே வேண்டாம், சாப்பாடு வாசலுக்கே வந்துவிட வேண்டும்.