கூரைச் சூரிய மின்தகடுகளுக்குக் காப்பீடு: திருட்டுப் பிரிவைக் கவனியுங்கள்

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிரஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில், கட்டடத்தோடு சூரிய மின்தகடுகளையும் சேர்க்கலாம் என்றாலும், அவற்றின் மதிப்பை விண்ணப்பத்தில் தனியாகக் குறிப்பிடுவது நல்லது. தீ, புயல், வெள்ளம், இடி ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு.

திருட்டில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். புயலில் மதில் இடிந்து, அதனால் 5ஆம் நாள் தகடுகள் களவு போனால் இழப்பீடு கோரலாம். ஏனெனில் காப்பீட்டுக்குட்பட்ட நிகழ்வின் விளைவாக 7 நாட்களுக்குள் நடந்த திருட்டை மட்டுமே இத்திட்டம் ஏற்கிறது. சாதாரண இரவொன்றில் யாரேனும் கழற்றிச் சென்றால் ஒன்றும் கிடைக்காது என்பதால், திருட்டுக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். அது திறந்த கூரையிலுள்ள பொருளுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இன்வெர்ட்டர் தன்னுள் ஏற்பட்ட மின்கசிவால் மட்டும் கருகினால், அதுவும் பொதுவாக விலக்கப்பட்டதே.