விற்ற கையோடு வாங்கும் நிரல்: வராத பணத்தைச் செலவழிக்கும் தவறு

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தான் எழுதிய டிரேடிங் நிரலைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்று அனுப்பினார். காலையில் ஒரு இ.டி.எஃப்-ஐ விற்று, அடுத்த நிமிடமே இன்னொன்றை வாங்கும் நிரல். நான் தேடியது ஒரே ஒரு வரியைத்தான். அது அங்கேயே இருந்தது:

```python
cash = account["buying_power"]
```

2019-இல் நானும் அச்சு அசலாக இதையே எழுதினேன். மூன்று மாதம் கை கட்டப்பட்டுக் கிடந்தேன். நஷ்டம் வந்தால்கூட மறந்துவிடலாம். இது இன்னமும் எரிச்சலாக இருக்கிறது. விலை தவறாகப் படிப்பது, ஆர்டர் அளவில் ஒரு சைபர் கூடுவது எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். இது அமெரிக்கச் சந்தையில் கேஷ் அக்கவுன்ட் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. மார்ஜின் அக்கவுன்டுக்கு விதிகள் வேறு.

பையிங் பவரைக் கையில் இருக்கும் பணம் என்று நம்புவது

பங்கை விற்றவுடன் திரையில் பணம் ஏறிவிடும். ஆனால் அது உங்களுக்கு வர வேண்டிய பணம்தான், வந்த பணம் இல்லை. 2024 மே 28 முதல் அமெரிக்காவில் பங்கும் இ.டி.எஃப்-உம் டி+1 முறையில் செட்டில் ஆகின்றன. அதாவது விற்ற நாளுக்கு அடுத்த செட்டில்மென்ட் நாளில்தான் பணம் உங்களுடையது. அதற்கு முன்பே அந்தத் தொகையை வைத்து வேறு பங்கு வாங்க புரோக்கர் விடுவார். நீங்கள் வாங்கியதற்கும் நாளைதான் பணம் கட்ட வேண்டும், விற்ற பணமும் நாளை வந்துவிடும் என்ற கணக்கு அது. பையிங் பவர் காட்டும் எண்ணில் இந்த நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே வாங்குவது குற்றமில்லை. அப்படி வாங்கியதை, முதல் விற்பனையின் பணம் வந்து சேருமுன் விற்றால்தான் மாட்டுவோம். இதற்குக் குட் ஃபெய்த் வயலேஷன் என்று பெயர். புதிதாக வருபவர்களுக்கு இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. வாங்கும்போது எச்சரிக்கை வராது. ஆர்டர் ஒழுங்காக நிறைவேறும். பொறி விற்கும் பக்கத்தில் இருக்கிறது.

தம்பியின் நிரலையே எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை கணக்கில் செட்டில் ஆன பணம் 1,800 டாலர். பத்து மணிக்கு ஒரு இ.டி.எஃப்-ஐ 3,200 டாலருக்கு விற்கிறது. பையிங் பவர் 5,000 என்று காட்டுகிறது. நிரல் உடனே 2,500 டாலருக்கு வேறொன்றை வாங்குகிறது. அதில் 700 டாலர் இன்னும் வராத பணம். பிற்பகல் விலை சரிந்து ஸ்டாப் லாஸ் அடிக்கிறது, வாங்கியது விற்கப்படுகிறது. அவ்வளவுதான், ஒரு வயலேஷன். 700 டாலர்தானே, மீதி என் சொந்தப் பணம்தானே என்ற வாதம் எடுபடாது. முழுத் தொகையும் செட்டில் ஆன பணமாக இருந்திருக்க வேண்டும். 1,800-க்குள் வாங்கியிருந்தால் அன்றே விற்றாலும் பிரச்சினை இல்லை.

பல புரோக்கர்களிடம் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை இப்படி நடந்தால் 90 நாள் கட்டுப்பாடு. அந்த நாட்களில் செட்டில் ஆன பணத்தை மட்டும் வைத்தே வாங்க முடியும். எத்தனை தடவை பொறுப்பார்கள் என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். மனிதன் என்றால் முதல் எச்சரிக்கைக் கடிதத்தைப் படித்து நிறுத்திவிடுவான். நிரல் கடிதம் படிக்காது. என்னுடையது ஒரே வாரத்தில் மூன்றையும் வாங்கித் தந்துவிட்டது. கடிதங்கள் மூன்றும் நான் திறந்தே பார்க்காத மின்னஞ்சல் கணக்கில் கிடந்தன.

அதன் பிறகு நானாகச் சேர்த்தது இரண்டு விஷயம். வாங்குமுன் புரோக்கர் தரும் செட்டில் ஆன பணத்துக்கான எண்ணைப் படிக்கிறேன். அதன் பெயர் ஒவ்வொருவரிடமும் வேறு, பையிங் பவர் மட்டும் அதுவல்ல. அதைத் தாண்டி வாங்கியே ஆக வேண்டுமென்றால், எந்தத் தேதியிலிருந்து விற்கலாம் என்பதை அந்தப் பங்கோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். விற்கும் பகுதி அதைப் பார்க்காமல் ஆர்டர் அனுப்பாது.

இரண்டாவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்டாப் லாஸை முன்கூட்டியே புரோக்கரிடம் போட்டு வைத்தால், அது உங்கள் நிரலைக் கேட்டுக்கொண்டு நடக்காது. விலை தொட்டதும் தானே விற்றுவிடும். அந்தத் தேதி வரும்வரை ஸ்டாப் போடாமல் இருந்தால் சரிவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் தினமும் வாங்கி விற்கும் நிரலுக்கு நான் சொல்வது, பணத்தை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு பாதி, நாளை மறு பாதி. இன்று விற்ற பாதி நாளை செட்டில் ஆகி, நாளை மறுநாளுக்குத் தயாராக இருக்கும். லாபம் குறையும் என்று தம்பி முகம் சுளித்தார். குறையும்தான்.

சந்தை நாட்காட்டியை வைத்துச் செட்டில்மென்ட் நாளைக் கணக்கிடுவது

டி+1 என்றால் அடுத்த வர்த்தக நாள் என்று எழுதிவிடுகிறோம். வருடத்தில் பெரும்பாலான நாள் அது சரி. அக்டோபரில் கொலம்பஸ் தினத்தன்றும், நவம்பர் 11 வெட்டரன்ஸ் தினத்தன்றும் பங்குச் சந்தை திறந்திருக்கும், வங்கிகள் மூடியிருக்கும். அன்று வாங்கலாம், விற்கலாம்; செட்டில்மென்ட் மட்டும் கிடையாது.

2025-இல் கொலம்பஸ் தினம் அக்டோபர் 13, திங்கள். அதற்கு முந்தைய வெள்ளி, 10-ஆம் தேதி விற்ற பங்கின் பணம் செவ்வாய் 14-ஆம் தேதிதான் வந்தது. வெள்ளியன்றே அந்தப் பணத்தில் வேறு பங்கு வாங்கி, திங்களன்று அதை விற்ற நிரல் மாட்டியிருக்கும். சந்தை நாட்காட்டியோ திங்களன்றே பணம் வந்துவிட்டதாகச் சொல்லும்.

```python
def settle_date(d):
    d += timedelta(days=1)
    while d.weekday() >= 5 or d in NO_SETTLE:
        d += timedelta(days=1)
    return d
```

`NO_SETTLE` பட்டியலில் சந்தை விடுமுறைகளோடு இந்த இரண்டு நாளையும் கையால் சேருங்கள்.

ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுவது

இரண்டு உத்திகள் ஒரே கணக்கில் ஓடினால், இரண்டும் ஒரே நொடியில் 1,800 டாலர் என்று படித்து, இரண்டும் வாங்கும். படிக்கும் இடமும் ஆர்டர் போடும் இடமும் ஒரே பூட்டுக்குள் இருக்கட்டும். நிறைவேறாமல் காத்திருக்கும் ஆர்டர்களின் தொகையை, புரோக்கர் ஏற்கெனவே கழித்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் நீங்களே கழியுங்கள்.

பழைய டி+2-ஐ நிரலிலேயே விட்டு வைப்பது

இணையத்தில் எடுத்த பழைய நிரல் என்றால் 2 என்ற எண்ணைத் தேடுங்கள். இது வயலேஷனில் கொண்டுபோய் விடாது, பணத்தை ஒரு நாள் வீணாகத் தூங்க வைக்கும்.

போலிக் கணக்கில் ஓடியது, எனவே சரி

நிஜப் பணம் இல்லாமல் நான் நிரலைச் சோதித்த போலிக் கணக்கு ஆறு வாரத்தில் ஒரு வயலேஷன்கூடச் சொல்லவில்லை. செட்டில்மென்ட் என்ற ஒன்றே அதில் இல்லை.