சீனியர் அட்வகேட் சேம்பரில் அசோசியேட்டாகச் சேர மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

"ஃபைலிங், டிராஃப்டிங், கட்சிக்காரரைக் கையாள்வது எல்லாம் தெரியும்." சேம்பருக்கு எழுதும் ஜூனியர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சாதாரண வக்கீல் ஆபீசுக்கு இது சரி. மூத்த வழக்கறிஞராக நீதிமன்றம் அறிவித்த ஒருவரின் சேம்பரில் இந்த மூன்றுக்கும் பெரிய தேவை இருக்காது.

முதல் படி, அங்கே என்ன வேலை நடக்கிறது என்று புரிந்துகொள்வது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்டவர் வக்காலத்து தாக்கல் செய்யக் கூடாது. கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கு வாங்கக் கூடாது. மனுக்களையும் பிரமாணப் பத்திரங்களையும் அவரே வரையக் கூடாது. இன்னொரு வழக்கறிஞர் கொண்டுவரும் வரைவைச் சரிபார்த்துத் தரலாம். ஆக, சாயங்காலம் வந்து சேரும் கட்டைப் படித்து, தேதிப்பட்டியலும் குறிப்பும் தயாரித்து, தீர்ப்புகளைத் தேடி, மறுநாள் காலை கோர்ட்டில் கேட்ட பக்கத்தை உடனே எடுத்துக் கொடுப்பவர்தான் அங்கே தேவை. உங்கள் மின்னஞ்சல் இதற்குப் பதில் சொன்னால் போதும்.

இரண்டாவது, உங்கள் அனுபவத்திலிருந்து ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கிளையில் இரண்டு வருடம் சிவில் பக்கம் இருந்த ஒருவரை வைத்துப் பார்ப்போம். "பல இரண்டாம் மேல்முறையீடுகளில் உதவியுள்ளேன்" என்று அவர் எழுதினால் எதுவும் தெரியாது. இரண்டாம் மேல்முறையீட்டில் எல்லாமே சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வியைச் சுற்றித்தான் நிற்கும் என்பதால், அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுதலாம். சேம்பர்களுக்கு வழக்கமாக ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

பொருள்: அசோசியேட்டாகச் சேர விண்ணப்பம் – 2 ஆண்டு சிவில் அனுபவம், மதுரைக் கிளை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் சேம்பரில் அசோசியேட்டாகச் சேர விரும்புகிறேன். இரண்டு ஆண்டுகளாக மதுரைக் கிளையில் சிவில் வழக்குகளில் பணியாற்றுகிறேன். அண்மையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் இரண்டாம் மேல்முறையீட்டுக்காக, இரு கீழ் நீதிமன்றங்களின் முடிவுகளையும் பக்க எண்ணோடு ஒப்பிட்டு இரண்டு பக்கக் குறிப்பு தயாரித்தேன். முந்தைய பாகப்பிரிவினையைக் காட்டும் ஓர் ஆவணத்தை முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பரிசீலிக்கவே இல்லை என்பது அதில் தெரிந்தது; சட்டக் கேள்வியை அதன்மேல் வரைந்தோம்.

சுயவிவரமும் ஓர் எழுத்து மாதிரியும் இணைத்துள்ளேன். தற்போதைய அலுவலகத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். நான் வக்காலத்து போட்டுள்ள வழக்கு எதிலாவது தாங்கள் எதிர்த்தரப்பில் ஆஜராகிறீர்களா என்பதைச் சேரும் முன் சரிபார்த்துத் தருகிறேன். தாங்கள் சொல்லும் நேரத்தில் நேரில் வருகிறேன்.

இவ்வளவுதான். அடியில் பெயர், பதிவு எண், அலைபேசி எண். அகில இந்திய பார் தேர்வு தேறிய விவரம் சுயவிவரத்தில் இருக்கட்டும். மாமா வக்கீல், தாத்தா முன்சீப் என்பதெல்லாம் வேண்டாம்.

வழக்கின் பெயரும் கட்சிக்காரர் பெயரும் மாதிரியில் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? பலர் சறுக்கும் இடம் இதுதான். எழுத்து மாதிரி என்று தற்போதைய ஆபீசின் வரைவையோ கட்சிக்காரருக்கு எழுதிய சட்டக் கருத்தையோ அப்படியே இணைத்துவிடுகிறார்கள். கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது வக்கீலின் கடமை. இன்றைக்கு அந்த ஆபீஸ் ரகசியத்தை அனுப்புபவர் நாளைக்கு நம் சேம்பர் ரகசியத்தையும் அனுப்புவார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பெயரை அழித்தாலும் சர்வே எண்ணும் ஊரும் காட்டிக்கொடுத்துவிடும். வெளியான தீர்ப்பு ஒன்றை எடுத்து அதன்மேல் புதிதாக இரண்டு பக்கம் எழுதி இணைப்பதே நல்லது. தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறதா, பின்னால் மாற்றப்பட்டதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எதிர்த்தரப்பு பற்றிய வரியும் சும்மா சேர்த்ததில்லை. ஒரு பக்கம் வக்காலத்து போட்டவர் மறுபக்க சீனியரின் சேம்பரில் போய் உட்கார்ந்தால், நாளைக்கு அந்தக் கட்சிக்காரரே ஆட்சேபம் சொல்லலாம். அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் படிப்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

சம்பளத்தை இந்த முதல் மின்னஞ்சலில் எழுத வேண்டாம், நேரில் கேட்கலாம். இந்திய பார் கவுன்சில் 2024இல் நகர்ப்புற ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறத்தில் 15,000 ரூபாயும் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான் என்றாலும் பேச்சைத் தொடங்க உதவும்.

கடைசியாக, எப்போது அனுப்புவது? கோர்ட் நாட்களில் காலையில் வேண்டாம், சாயங்காலம் கான்ஃபரன்ஸ் ஓடும். சனிக்கிழமை முற்பகல் பரவாயில்லை. பெரும்பாலும் முதலில் படிப்பவர் சேம்பரின் மூத்த ஜூனியர்தான். பத்து நாளில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த சேம்பருக்கு எழுதலாம்; அப்போது பழைய சீனியரின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சுயவிவரத்தின் ஃபைல் பெயர் வரை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.