சுனாமி நினைவு நாளையொட்டி உளவளத்துணைக்கு அழைக்கும் பதிவை எழுதும் முறை

மட்டக்களப்பில் பணி தொடங்கிய உளவளத்துணையாளர் ஒருவர், 2004 டிசம்பர் 26 சுனாமியின் நினைவு நாளுக்காக எழுதிய முகநூல் பதிவொன்றைத் திருத்தித் தருமாறு என்னிடம் கேட்டார். அதன் முதல் வடிவம் இது:

"கொடிய அலை இன்றும் உங்களைத் துரத்துகிறதா? மூன்றே அமர்வுகளில் மீளலாம். 'ஆம்' என்று கீழே எழுதுங்கள்."

முதலில் அலையை நீக்கினோம். கல்லடியிலோ நாவலடியிலோ உறவுகளை இழந்த ஒருவர், வேறு எதற்கோ தொலைபேசியைத் திறந்தபோது இந்த வரியை எதிர்கொள்வார். அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. கடலின் படத்தையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். "துரத்துகிறதா" என்ற கேள்வி, அமைதியாக வாழ்பவரையும் தமக்கு ஏதோ குறையிருப்பதாக எண்ண வைக்கும். இழப்பைச் சந்தித்த தாய் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கையில் சொல்லத் தயங்கும் வரியைப் பதிவிலும் எழுதக் கூடாது.

அடுத்தது வாக்குறுதி. ஒருவரைச் சந்திக்கும் முன் அவருக்கு எத்தனை அமர்வுகள் தேவை என்று எவராலும் கூற முடியாது. ஆகவே விளைவைச் சொல்லாமல், முதற் சந்திப்பில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். "இரகசியம் முற்றாகக் காக்கப்படும்" என்பதும் ஒரு வாக்குறுதியே. உயிருக்கு ஆபத்து நேரும்போதும் சிறுவர் ஒருவர் துன்புறுத்தப்படும்போதும் பிறரிடம் தெரிவிக்க நேரிடும் என்பதால், அந்த எல்லையையும் எழுத வேண்டும். பயன்பெற்றவரின் கதையைப் பெயர் மாற்றியும் சேர்க்காதீர்கள். ஊரும் தொழிலும் தெரிந்தாலே இங்கு ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

மூன்றாவது, தொடர்புகொள்ளும் வழி. கீழே "ஆம்" என்று எழுதினால் அயலவரும் மாமியார் வீட்டாரும் அதைப் பார்ப்பார்கள். பல வீடுகளில் ஒரே தொலைபேசியைப் பலர் பயன்படுத்துவதால், உதவி நாடுபவர் குறுஞ்செய்தியில் தொடர்புகொண்டு, திரும்ப அழைக்கும் நேரத்தையும் தாமே சொல்லட்டும்.

திருத்திய வடிவம்:

"டிசம்பர் நெருங்கும்போது சிலருக்கு உறக்கம் குறையலாம், சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். இரண்டும் இயல்பே. பேச விரும்பினால் 50 நிமிட முதற் சந்திப்புக்கு நேரம் பெறலாம். நடந்தவை அனைத்தையும் சொல்ல வேண்டியதில்லை. தொடர்வதா என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். பேசுபவை இரகசியமாக இருக்கும். உயிராபத்தோ சிறுவர் பாதுகாப்போ தொடர்புபட்டால் மட்டும் பிறரிடம் தெரிவிக்க நேரிடும். உங்களை எப்போது அழைக்கலாம் என்பதைக் குறுஞ்செய்தியில் தெரிவியுங்கள். இரவில் செய்திகள் பார்க்கப்படுவதில்லை. அவசரமெனில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள்."

இதன் கீழ் கட்டணம், வேலை நேரம், தொலைபேசி இலக்கம், பெண் உளவளத்துணையாளர் உள்ளாரா என்ற விவரம் ஆகியவற்றைச் சேருங்கள்.

பதிவிட்ட பின் அன்றும் மறுநாளும் கருத்துப் பகுதியைக் கவனித்திருங்கள். எவரேனும் தமது துயரத்தை அங்கே எழுதினால், பொதுவில் விசாரிக்காமல் அந்தக் கருத்தை மறைத்து, அவருக்குத் தனிச் செய்தி அனுப்பி, ஏன் மறைத்தீர்கள் என்பதையும் அதிலேயே தெரிவியுங்கள்.